புதிய பில்லிங் மென்பொருளுக்கு மாறும் திட்டம்: பொறுப்பு அட்டவணை

விற்பனை, கணக்கு, ஐடி, கிடங்கு, வாடிக்கையாளர் சேவை ஆகிய ஐந்து பிரிவுகளுக்கும் பொதுவானது. மாறிய பின் முதல் மாதக் கணக்கு முடியும்வரை இதுவே நடைமுறை.

| வேலை | முடிவு எடுப்பவர் | செய்பவர் | கருத்து கேட்க வேண்டியவர் | தகவல் மட்டும் |
|---|---|---|---|---|
| வாடிக்கையாளர் பட்டியலைச் சரிபார்த்தல் | விற்பனை மேலாளர் | விற்பனை உதவியாளர்கள் இருவர் | கணக்கு, வாடிக்கையாளர் சேவை | ஐடி, கிடங்கு |
| வரி விகிதம், கடன் வரம்பு | கணக்கு மேலாளர் | மூத்த கணக்காளர் | விற்பனை | மற்ற மூன்று பிரிவுகள் |
| பழைய தரவை ஏற்றுதல் | ஐடி மேலாளர் | தரவுப் பொறியாளர் | கணக்கு, கிடங்கு | விற்பனை, வாடிக்கையாளர் சேவை |
| சோதனை பில்கள் | கணக்கு மேலாளர் | பிரிவுக்கு ஒருவர் | ஐடி | நிதி இயக்குநர் |
| மாறும் தேதி | நிதி இயக்குநர் | திட்ட ஒருங்கிணைப்பாளர் | ஐந்து மேலாளர்களும் | எல்லா ஊழியர்களும் |
| மாறும் இரவில் பழையதற்கே திரும்புதல் | ஐடி மேலாளர் | ஐடி குழு | பணியில் இருக்கும் கணக்காளர் | நிதி இயக்குநர், மற்ற மேலாளர்கள் |

ஒரு வேலைக்கு முடிவு எடுப்பவர் ஒருவர்தான். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சென்ற முறை வாடிக்கையாளர் பட்டியலை விற்பனை பார்க்கும் என்று கணக்குப் பிரிவும், கணக்கு பார்க்கும் என்று விற்பனையும் இருந்துவிட்டன. ஒரே கடை மூன்று எழுத்துக்கூட்டலில், மூன்று கடன் வரம்போடு உள்ளே போய்விட்டது. அதைப் பிரித்தெடுக்க உட்கார்ந்த உதவியாளர்கள் இரண்டு வாரம் நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள் மீது தவறே இல்லை.

கருத்து சொல்பவருக்கு இரண்டு வேலை நாள் அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டால் முடிவு எடுப்பவர் மேலே போகலாம். சொன்ன கருத்தை ஏற்காவிட்டால் ஏன் என்று ஒரு வரியாவது எழுதிச் சொல்ல வேண்டும். கருத்து கேட்டதாலேயே அவருடைய ஒப்புதலும் தேவை என்று ஆகிவிடாது.

தகவல் மட்டும் பெறுபவரின் பதிலுக்காக எந்த வேலையும் நிற்காது. ஆனால் பெரிய தவறு கண்ணில் பட்டால் யாரானாலும் உடனே முடிவு எடுப்பவரிடம் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும்.

மாறும் இரவு மட்டும் விதிவிலக்கு. சோதனைக்கு எடுத்த 50 பில்களில் ஒன்றின் தொகை பொருந்தாவிட்டாலும் ஐடி மேலாளர் பழையதற்கே திரும்பலாம். இதற்காக நிதி இயக்குநரை எழுப்ப வேண்டியதில்லை. காலை 6 மணிக்குள் தகவல் போனால் போதும்.

மேலாளர் விடுப்பில் போனால் தன் இடத்தில் யார் என்பதை முன்கூட்டியே பெயரோடு எழுதித் தர வேண்டும். "டீம் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினால் ஏற்க மாட்டேன். இரண்டு மேலாளர்களுக்குள் ஒத்துவராவிட்டால் அன்றைக்கே என்னிடம் வாருங்கள். நானும் தீர்க்க முடியாததை மறுநாள் காலை நிதி இயக்குநரிடம் கொண்டுபோவேன்.

அட்டவணையில் மாற்றம் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன் எழுதி அனுப்புங்கள். வாய்மொழியாகப் பேசி மாற்றிக்கொண்டது செல்லாது.

திட்ட ஒருங்கிணைப்பாளர்