இடுபணிக்கு 4 நாள் அவகாசம் வேண்டி

வணக்கம் டீச்சர். நான் படிவம் 6 மாணவி கவிதா. ஜார்ஜ்டவுன் தெருக்களின் தமிழ்ப் பெயர்கள் பற்றிய இடுபணியை இந்த வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். என்னால் முடியாது போலிருக்கிறது, டீச்சர்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. தீபாவளிக்கு அம்மா முறுக்கு ஆர்டர் எடுத்திருந்தார். இரண்டு வாரமாக இரவு பதினொன்று வரை டின்னில் அடுக்கி டேப் ஒட்டினேன். ஆனால் அதற்கு முன்பு ஒரு வாரம் சும்மாதான் இருந்தேன். அது என் தப்பு.

முன்னுரையும் லெபோ பாசார் எப்படிக் கடைத்தெரு ஆனது என்ற பகுதியும் முடிந்துவிட்டன. அங்கே பூக்கட்டும் தாத்தாவின் பேட்டிதான் பாக்கி. போன வாரம் பேசினார். பாதியில் என் போனில் இடமில்லாமல் பதிவு நின்றுவிட்டது, நான் கவனிக்கவில்லை. சுங்கை பட்டாணியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமை காலை கடைக்கு வந்துவிடுவாராம். அன்றே பேட்டி எடுத்து, ஞாயிறு எழுதி, திங்கள் திருத்திவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பாடத்துக்கு முன் உங்கள் மேசையில் வைக்கலாமா, டீச்சர்? தாமதத்துக்கு மதிப்பெண் குறைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். எழுதி முடித்ததை வேண்டுமானால் இன்றே அனுப்புகிறேன்.

நன்றி, டீச்சர்.
கவிதா