டெம்போவும் சுக்ஸ்வாங்கும்: சிறிய நிலைகள் வழியாக ஒரு பாடம்

(கோபிச்செட்டிபாளையம் சனிக்கிழமை சதுரங்க வகுப்பு, இடைநிலை மாணவர்களுக்கான கையேடு)

காய்களின் நகர்வும் தொடக்க ஆட்டத்தின் அடிப்படையும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு, இந்தப் பாடத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் பார்க்கப்போகிறோம்: நகர்த்தும் முறை நம்மிடம் இருப்பது எப்போது நன்மை, எப்போது தீமை? பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லப்படும் ஒவ்வொரு நிலையையும் அடுக்கிப் பார்த்தபடியே படியுங்கள். வெறுமனே படித்தால் இந்தப் பாடத்தில் பாதிதான் மனத்தில் தங்கும்.

ஒரு முறை நகர்த்துவதற்கான வாய்ப்பே டெம்போ. தொடக்க ஆட்டத்தில் அதன் மதிப்பு எளிதில் புலப்படும். 1.e4 d5 2.exd5 Qxd5 3.Nc3 என்னும் வரிசையில், வெள்ளை தன் குதிரையை வெளியே கொண்டுவரும்போதே கறுப்பு ராணியைத் தாக்குவதால், கறுப்பு தன் அடுத்த முறையை ராணியை நகர்த்துவதற்கே செலவிட நேர்கிறது. வெள்ளைக்கு ஒரு டெம்போ லாபம். இதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள் என்பதால் இங்கே நீட்டவில்லை. ஆனால் இதிலிருந்து பலர் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: முறை கையில் இருந்தால் எப்போதும் நல்லதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆட்டத்தின் இறுதிக் கட்டம் அதை மறுக்கிறது.

சுண்ணக்கட்டியால் தரையில் ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை வரைந்து, ஒரு முனையில் ஒரு புளியங்கொட்டையும் மறுமுனையில் ஒரு கூழாங்கல்லும் வையுங்கள். இரண்டும் எதிர்க்காயை நோக்கி ஒரு கட்டம் மட்டுமே நகரலாம். பின்வாங்கக் கூடாது, தாண்டக் கூடாது. நகர்த்த முடியாதவர் தோற்றார். நடுவில் மூன்று காலிக் கட்டங்கள் இருப்பதால் முதலில் நகர்த்துபவர் வெல்வார். நான்கு கட்டப் பட்டையாக இருந்தால் இடையே இரண்டே கட்டங்கள், எனவே இரண்டாமவர் வெல்வார். இப்படி எத்தனை பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தாலும், மொத்தக் காலிக் கட்டங்கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதே விடையைச் சொல்லிவிடும். இங்கே திறமைக்கு இடமே இல்லை, எண்ணுவதற்கு மட்டுமே இடமுண்டு. சதுரங்கத்தில் இந்தக் கணக்கோடு தேர்ந்தெடுக்கும் உரிமையும் சேர்ந்துகொள்வதுதான் அதைச் சுவையாக்குகிறது.

இப்போது சதுரங்கப் பலகைக்கு வருவோம். வெள்ளை ராஜா e5, வெள்ளைச் சிப்பாய் f4. கறுப்பு ராஜா g4, கறுப்புச் சிப்பாய் f5. வேறு காய்கள் இல்லை. ஒவ்வொரு ராஜாவும் தன் சிப்பாயைக் காத்துக்கொண்டே எதிரியின் சிப்பாயையும் தாக்கிக்கொண்டு நிற்கிறது. வெள்ளையின் முறை என்றால் ராஜா e5-ஐ விட்டு விலகியே தீரவேண்டும், உடனே கறுப்பு f4-ஐ வெட்டி வெல்லும். கறுப்பின் முறை என்றால் இதே கதை தலைகீழாக நடக்கும்: வெள்ளை f5-ஐ வெட்டி வெல்லும். யார் நகர்த்த வேண்டுமோ அவரே தோற்கிறார். நகர்த்தாமல் இருக்க அனுமதி இருந்திருந்தால் எந்தக் கேடும் வராது. நகர்த்தியாக வேண்டும் என்ற விதி ஒன்றினாலேயே ஒருவர் அழிகிறார். இதுவே சுக்ஸ்வாங். இங்கே இருவருக்கும் அதே கதி என்பதால் இது இருபக்கச் சுக்ஸ்வாங்.

இதே நிலையில் a2-இல் ஒரு வெள்ளைச் சிப்பாயையும் a5-இல் ஒரு கறுப்புச் சிப்பாயையும் சேர்த்து, வெள்ளையின் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் கையை எடுத்தவுடன் a3 ஆடுவார்கள். அதற்குக் கறுப்பு a4 என்று பதில் சொன்னவுடன் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றுவிடும்; வெள்ளை ராஜா விலகவேண்டி வரும்; ஆட்டம் போயிற்று. சரியான நகர்வு a4! இப்போது கறுப்புக்கு உபரி நகர்வே இல்லை. ராஜா எங்கே சென்றாலும் f5 விழும். முதலில் கறுப்பின் முறையாக இருந்தாலும் வெள்ளை தப்பிக்கிறது: கறுப்பு a4 ஆடினால் வெள்ளை a3 ஆடிவிடலாம். தொடக்கக் கட்டத்திலேயே நிற்கும் சிப்பாய்க்கு ஓர் அடி, ஈரடி என்ற இரண்டு வழிகளும் திறந்திருப்பதால், எதிரியின் கணக்கு எதுவானாலும் வெள்ளையால் அதைச் சரிக்கட்ட முடிகிறது. அந்தச் சிப்பாய் ஏற்கெனவே a3-இல் நின்றிருந்தால் கறுப்பின் முறையில் வெள்ளை தோற்றிருக்கும். நடு ஆட்டத்தில் காரணமின்றி ஓரச் சிப்பாயை ஓர் அடி தள்ளிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த நிலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும்.

உபரிச் சிப்பாய் நகர்வு இல்லாதபோது ராஜாவே முறையை மாற்றிக் கொடுக்க முடியும். வெள்ளை ராஜா d5, சிப்பாய்கள் a5, c6. கறுப்பு ராஜா c8, சிப்பாய் a6. கறுப்பின் முறையாக இருந்தால் வேலை எளிது: Kd8 என்றால் Kd6, Kc7 என்றால் Kc5. ஆனால் முறை வெள்ளையுடையது. நேராக Kd6 ஆடினால் கறுப்பு Kd8 என்று எதிரே வந்து நின்றுவிடும். பிறகு c7+ Kc8, Kc6 என்று போனால் கறுப்புக்கு நகர்வே இல்லாமல் ஆட்டம் சமனில் முடியும். ஆகவே வெள்ளை 1.Kc4 என்று பின்வாங்குகிறது. கறுப்பு 1...Kd8 ஆடினால் 2.Kd4 Kc8 3.Kd5. தொடங்கிய அதே நிலைதான், ஆனால் முறை மட்டும் கறுப்பிடம் போய்விட்டது. வெள்ளை ராஜா d5, c4, d4 என்று முக்கோணத்தில் சுற்றி மூன்று நகர்வுகளில் திரும்பி வந்தது. கறுப்பு ராஜா d8-க்கும் c8-க்கும் இடையே இரண்டே நகர்வுகளில் திரும்பியாக வேண்டியிருந்தது. இடையில் கறுப்பு ராஜா c7-க்கு வந்தால் வெள்ளை Kc5 ஆடி b6-ஐக் குறிவைக்கும். பின்வாங்கும் நகர்வு என்பதாலேயே போட்டியில் பலரது கண்ணுக்கு Kc4 படுவதில்லை.

சுக்ஸ்வாங் சதுரங்கத்துக்கு மட்டும் உரியதன்று. கொங்கு ஊர்களில் திண்ணையிலும் கோயில் மண்டபத் தளத்திலும் ஆடப்படும் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் உண்டு. எல்லா ஆடுகளும் பலகையில் இறங்கும் வரை ஆட்டுக்காரர் வைத்த ஆடு எதையும் அசைக்கக் கூடாது என்ற வழக்கப்படி ஆடினால், கையிலிருக்கும் ஒவ்வோர் ஆடும் ஓர் உபரி நகர்வுக்குச் சமம். புலி, அதை ஒட்டி ஓர் ஆடு, அதன் பின்னே அதே கோட்டில் மற்றோர் ஆடு: புலியால் தாண்ட முடியாது, அமைப்பு உறுதியானது. கடைசி ஆடும் இறங்கிய பின், மற்ற ஆடுகள் அனைத்தும் அடைபட்டு நகர வழியின்றி நின்றால், அந்தப் பின்னாடு தன் இடத்தை விட்டு நகர்ந்தே ஆகவேண்டும்; முன்னாடு வெட்டுப்படும். அமைப்பில் குற்றமில்லை, காத்திருக்க ஒரு நகர்வு மிச்சம் வைக்காததே குற்றம். பழகிய ஆட்டுக்காரர்கள் பலகையின் ஒரு மூலையில் தடையின்றி நகரக்கூடிய ஓர் ஆட்டை விட்டுவைப்பது இதற்காகத்தான்.

காய்கள் நிறைந்த நடு ஆட்டத்தில் சுக்ஸ்வாங் அபூர்வம், ஏனெனில் யாருக்காவது ஒரு தீங்கில்லாத நகர்வு எப்போதும் கிடைத்துவிடும். 1923-இல் கோபன்ஹேகனில் சாமிஷுக்கு எதிராக நிம்ஸோவிச் ஆடிய ஆட்டம் இதற்குப் புகழ்பெற்ற விதிவிலக்கு. நீங்கள் அதை இப்போதைக்குத் தேட வேண்டாம். சிப்பாய் இறுதியாட்டங்களில் இதைக் கண்டுகொள்ளப் பழகினால் போதும். அங்கே ஒவ்வொரு நகர்வுக்கும் முன் எதிரிக்கு எத்தனை உபரி நகர்வுகள், நமக்கு எத்தனை, அவற்றில் எது ஓரடி, எது ஈரடி என்று விரல்விட்டு எண்ணுங்கள்.

அடுத்த சனிக்கிழமைக்கான வேலை: e5, f4, g4, f5 நிலையில் வெள்ளையின் a சிப்பாயை a2-இலேயே வைத்துக்கொண்டு, கறுப்பின் a சிப்பாயை முதலில் a6-இலும் பிறகு a7-இலும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வெள்ளையின் முறை. எதில் வெள்ளை வெல்கிறது, எந்த முதல் நகர்வால், எதில் எந்த நகர்வும் காப்பாற்றாது என்பதை முழு வரிசையோடு நோட்டில் எழுதி வாருங்கள்.