அக்காவுக்கு ஒரு படம்

அக்கா, என் அறையில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றிப் போனில் கேட்டாய். அவசரத்தில் "நிறையக் குழந்தைகள் விளையாடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டேன். அது போதாது என்று அப்புறம்தான் தோன்றியது. இப்போது படத்துக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். யாரையாவது நிதானமாக வாசித்துக்காட்டச் சொல்.

பீட்டர் புரூகல் 1560-இல் மரப்பலகையில் வரைந்த ஓவியம் இது. பெயர் 'குழந்தைகளின் விளையாட்டுகள்'. அசல் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னிடம் இருப்பது சின்ன அச்சுப்படம். அசலின் அகலம் 161 செ.மீ., உயரம் 118 செ.மீ. நீ இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் ஏறக்குறைய அந்த அகலம் வரும். அதற்குள் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 80 விளையாட்டுகளை விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மொட்டைமாடியிலிருந்து கீழே ஒரு மைதானத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள். தரை முழுக்க மங்கலான மஞ்சள் மண். அதன்மேல் சிவப்பும் நீலமுமாகச் சட்டைகள். இடப்பக்க ஓரத்தில் ஒரு கட்டடம் நிற்கிறது. நடுவிலிருந்து சற்று வலப்பக்கமாக, பின்னால், வளைவுகள் வைத்த பெரிய கட்டடம். அதற்கும் வலப்பக்கத்தில் ஒரு நீளமான தெரு மேல் மூலையை நோக்கிப் போகிறது. இடப்பக்க மேல் மூலையில் மட்டும் வீடுகள் இல்லை. புல்வெளி, மரங்கள், ஓர் ஓடை.

சரி, கீழ் இடது மூலையில் தொடங்குகிறேன், உனக்காகவே. அங்கே சுவரோரம் இரண்டு பெண்கள் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்! கல்லுக்குப் பதில் எலும்புத் துண்டுகள், அவ்வளவுதான். நம் திண்ணையில் நீ உட்கார்ந்து ஆடுவாயே, அதே ஆட்டம். முதல்முறை இதைக் கண்டுபிடித்தபோது உன்னைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது.

அவர்களைத் தாண்டி விரலை வலப்பக்கம் நகர்த்து. ஒரு சின்னப் பையன் மரக்குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறான். இன்னும் வலப்பக்கம், முன்வரிசையின் நடுவில், இரண்டு பையன்கள் வளையம் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு அடுத்து ஒரு பீப்பாய் கிடக்கிறது. அதன்மேல் இரண்டு பேர் ஏறி அதை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு குழந்தை வேறொரு பீப்பாயின் துளையில் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருக்கிறது. தன் குரல் உள்ளிருந்து எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்பதற்காகத்தான் இருக்கும். கீழ் வலது மூலையில் ஒரு சிறுமி செங்கல்லைச் சுரண்டிச் சிவப்புப் பொடி எடுத்துக்கொண்டிருக்கிறாள். கடை விளையாட்டு. பொடிதான் சரக்கு.

இனி மேலே போவோம். வலப்பக்கத்தில் வரிசையாகக் குனிந்து நிற்பவர்கள்மேல் பையன்கள் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் பச்சைக் குதிரையேதான். இடப்பக்கத்தில் ஒரு பெண் நீல முக்காட்டால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டு தடவித் தடவி மற்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு பொய்க் கல்யாண ஊர்வலம் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு அருகில் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து காலை நீட்டி உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கால்களுக்கு நடுவே ஒருவன் ஓட வேண்டும். பெரிய கட்டடத்தின் வளைவுகளுக்கு அடியில் சிலர் பம்பரத்தைச் சாட்டையால் அடித்துச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கே பார்த்தாலும் கூட்டம்தான். ஆனால் படத்துக்கு நாயகன் என்று ஒருவரும் இல்லை. கண் ஓரிடத்தில் நிற்பதற்குள் பக்கத்தில் வேறொன்று இழுக்கிறது. அப்புறம், முகங்கள். சிரிப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வட்டமான அந்த முகங்கள் பெரியவர்கள் வேலை செய்வதுபோல அவ்வளவு கருத்தாக இருக்கின்றன. சிலருக்கு இது சோகமாகப் படுமாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அஞ்சாங்கல் ஆடும்போது நீ சிரித்து நான் பார்த்ததே இல்லை. மேலே போன கல் கீழே வரும்வரை மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருப்பாய்.

மேல் மூலைகள் இரண்டும் பாக்கி. இடப்பக்கம், ஓடைக்குள் சிலர் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். கரையில் ஒருவன் மரமேறிக்கொண்டிருக்கிறான். புல்மேல் சிறுமிகள் பாவாடை குடைபோல விரியும்படி சுழன்றுகொண்டிருக்கிறார்கள். இடப்பக்கக் கட்டடத்தின் மாடி சன்னலில் ஒரு முகமூடி தெரிகிறது. அதன் பின்னாலிருந்து யாரோ கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வலப்பக்கத் தெரு மேலே போகப் போகக் குறுகுகிறது. அதிலிருக்கும் குழந்தைகளும் எறும்பளவாகிவிடுகிறார்கள். என் அச்சுப்படத்தில் அவர்கள் வெறும் புள்ளிகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தெருவின் கோடியில், தேவாலயக் கோபுரத்துக்குக் கீழே, யாரோ தீ மூட்டியிருக்கிறார்கள். அதைச் சுற்றியும் ஒரு கும்பல் நின்றுகொண்டிருக்கிறது.