தங்கப்பாண்டிக்கும் கணக்கு டீச்சருக்கும் ஒப்பந்தம்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, கணக்கு
நாள்: 6.1.2025

தங்கப்பாண்டி,

நேரில் பேசியதை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்றை உன் கணக்கு நோட்டின் முன் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டிக்கொள். இன்னொன்று என்னிடம் இருக்கும்.

அரையாண்டில் நீ எடுத்தது 22. இனி வரும் மூன்று தேர்வுகளுக்கு நாம் ஒத்துக்கொண்ட மதிப்பெண்கள் இவை:

முதல் திருப்புதல் தேர்வு, 28.1.2025: 27
இரண்டாம் திருப்புதல் தேர்வு, 11.2.2025: 32
மூன்றாம் திருப்புதல் தேர்வு, 4.3.2025: 38

“60 எடுக்குறேன் டீச்சர்” என்று நீ சொன்னபோது நான்தான் வேண்டாம் என்றேன். காலாண்டுக்கு முன்னால் 50 என்று சொல்லிவிட்டுப் போனாய். வினாத்தாளில் முதல் இரண்டு கணக்கு வரவில்லை என்றதும் மனசு விட்டுப்போய், தெரிந்ததையும் எழுதாமல் வந்துவிட்டாய். எனக்கு அந்த 50 வேண்டாம். உன் கைக்கு எட்டுகிற ஐந்து மதிப்பெண் வேண்டும். அது கிடைத்த பிறகு அடுத்த ஐந்து, அப்புறம் ஒரு ஆறு. பொதுத்தேர்வில் தேர்ச்சிக்கு 35 போதும் என்றாலும் கடைசி இலக்கை 38 என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்குப் பதற்றத்தில் இரண்டு மூன்று மதிப்பெண் போனாலும் நீ தேறிவிட வேண்டும்.

இந்த மதிப்பெண்கள் எங்கிருந்து வரும் என்பதை உன் அரையாண்டுத் தாளை வைத்துக்கொண்டே சொல்கிறேன். ஒரு மதிப்பெண் பகுதியில் 5, இரண்டு மதிப்பெண்ணில் 5, ஐந்து மதிப்பெண்ணில் 6, கடைசிப் பகுதியில் வடிவியலுக்கு 4, வரைபடத்துக்கு 2. மொத்தம் 22.

முதலில் வடிவியல். 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளி, அதிலிருந்து இரண்டு தொடுகோடுகள். நீ தொடுகோட்டின் நீளம் 5.3 செ.மீ. என்று எழுதியிருக்கிறாய். விடை 7.4. இந்த 5.3 எப்படி வந்தது என்று நானே வரைந்து பார்த்தேன். காம்பஸில் 3 செ.மீ. எடுப்பதற்குப் பதிலாக 6 எடுத்திருக்கிறாய். ஆரம் 6 என்றால் 5.3 மிகச் சரியான விடை! மையக்குத்துக்கோடு, வில், தொடுகோடு எல்லாம் சுத்தமாக வந்திருக்கிறது. வகுப்பில் பலருக்கு இவ்வளவு துல்லியமாக வரைய வராது. விட்டம் என்ற சொல்லைக் கவனிக்காமல் போனதும், உதவிப்படம் போடாமல் விட்டதும்தான் குறை. வடிவியல் வினாவைப் படிக்கும்போது விட்டம், ஆரம் என்ற சொல் வந்தால் அடியில் கோடு போடு. உதவிப்படத்தில் அளவுகளை எழுதிய பிறகே காம்பஸைத் தொடு. 4 என்பது 7 ஆகிவிடும்.

ஒரு மதிப்பெண் பகுதியில் 14 கேள்விகளில் ஐந்தை அப்படியே விட்டிருக்கிறாய். தவறாக எழுதினால் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், தெரியும்தானே? இனி ஒன்றைக்கூட விடக்கூடாது. பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் இருக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களைத் தினமும் பத்து பார். 5 என்பது 7 ஆகட்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் முதல் தேர்வின் 27. இந்தத் தேர்வு முடியும்வரை வேறு எதையும் புதிதாகப் படிக்க வேண்டாம்.

இரண்டாம் தேர்வுக்கு வரைபடம். y = x² − 4x + 3 அட்டவணையில் x = −1 வரும் இடத்தில் y = 6 என்று போட்டிருக்கிறாய். (−1)² என்பது 1, −1 அல்ல. அங்கே 8 வர வேண்டும். அந்த ஒரு புள்ளியால் வளைவரை ஒரு பக்கம் கோணிவிட்டது. நீயும் அதைப் பார்த்துத்தான் அழித்து அழித்து வரைந்திருக்கிறாய், தாள் தேய்ந்திருக்கிறது. வளைவரை கோணினால் வரைந்ததை அழிக்காதே, அட்டவணைக்குத் திரும்பிப் போ. அளவுத்திட்டத்தையும் எழுத மறந்திருக்கிறாய். இதையெல்லாம் சரிசெய்தால் 2 என்பது 6. ஒரு மதிப்பெண்ணில் இன்னும் ஒன்று. 32 வந்துவிடும்.

மூன்றாம் தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் வினாக்கள். கார்ட்டீசியன் பெருக்கல், கூட்டுத்தொடர் வரிசையின் உறுப்பு காண்பது, சாய்வு, வீச்சு. இந்த நான்கு போதும். 5 என்பது 9 ஆகும். ஒரு மதிப்பெண்ணில் மேலும் ஒன்று, ஐந்து மதிப்பெண்ணில் ஒன்று. ஐந்து மதிப்பெண் கணக்கு முழுதாக வராவிட்டாலும் சூத்திரத்தையும் முதல் இரண்டு வரியையும் எழுது, படிக்கு மதிப்பெண் உண்டு.

நீ செய்ய வேண்டியது: தினமும் அரை மணி நேரம். முதல் தேர்வு வரை வடிவியல், அதன் பிறகு ஒரு நாள் வடிவியல், மறுநாள் வரைபடம், கூடவே அந்தப் பத்து ஒரு மதிப்பெண் வினா. விடியக்காலையில் பூப்பறிக்கப் போகிறாய் என்பது தெரியும். இப்போது பனிக்காலம், செடியில் மொட்டு குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறாய் என்று நீயே சொன்னாய். வெயில் ஏறினால் பூ வரத்தும் ஏறும், வேலையும் கூடும். அதனால்தான் இந்த இரண்டு மாதத்தை இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு மூன்று நாள் நோட்டைத் திறக்க வேண்டாம். மாட்டைக் குளிப்பாட்டு, ஜல்லிக்கட்டு பார், சந்தோஷமாக இரு. நான்காம் நாள் ஆரம்பித்துவிடு.

நான் செய்வது: செவ்வாய், வியாழன் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் உன்னோடு உட்காருவேன். சாயங்காலம் வைத்தால் திருமங்கலம் டவுன் பஸ்ஸை விட்டுவிடுவாய் என்பதால் மதியம். ஒவ்வொரு தேர்வுத் தாளையும் திருத்தியதும் முதலில் உன்னிடம்தான் காட்டுவேன். உன் மதிப்பெண்ணை வகுப்பில் வாசிக்க மாட்டேன், யாரோடும் ஒப்பிட்டுப் பேச மாட்டேன்.

இலக்கு வராமல் போனால் திட்டு கிடையாது, இம்போசிஷன் கிடையாது. எந்த இடத்தில் போனது என்று இருவரும் தாளைப் பார்ப்போம். எடுத்த மதிப்பெண்ணோடு ஐந்து சேர்த்து அடுத்த இலக்கை மாற்றி எழுதுவோம். 27க்குப் பதில் 35 எடுத்துவிட்டாலும் அடுத்த தேர்வின் இலக்கு 32தான். கூடுதலாக எடுப்பது உன் சொத்து, அதைக் காட்டி நான் இலக்கை ஏற்ற மாட்டேன். பார்த்து எழுதி வந்த மதிப்பெண் மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

அம்மாவுக்கு: வணக்கம் அம்மா. இதைத் தம்பி உங்களுக்கு வாசித்துக் காட்டுவான். அவன் கை வேலை நேர்த்தியானது, அவன் தேறுவான் என்று நான் நம்புகிறேன். ராத்திரி அந்த அரை மணி நேரம் மட்டும் அவனைக் கடைக்கு அனுப்ப வேண்டாம், பூக்கட்டவும் கூப்பிட வேண்டாம். மதிப்பெண் பட்டியல் வரும்போது “27 தானா” என்று கேட்டுவிடாதீர்கள். 22இலிருந்து வந்த 27 அது.

இதில் எதையாவது மாற்ற வேண்டும் என்றால், தங்கப்பாண்டி, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வந்து சொல். அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம். சரி என்றால் கீழே உன் பெயரை எழுதி, அம்மாவிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு புதன்கிழமை கொண்டு வா. வரும்போது காம்பஸும் கூர் சீவிய பென்சிலும் எடுத்து வா, வியாழன் மதியம் அதே தொடுகோட்டுக் கணக்கை 3 செ.மீ. ஆரத்தில் வரைந்து தொடங்குவோம்.

இப்படிக்கு,
கணக்கு டீச்சர்

ஒப்புக்கொள்கிறேன்: தங்கப்பாண்டி, பத்தாம் வகுப்பு ‘ஆ’
பார்த்தேன்: தங்கப்பாண்டியின் அம்மா