முந்திரி விளம்பரம்: ஐந்து தொடக்கங்கள், ஒரே உடல்

தம்பி, எடிட்டுக்கு உட்காரும் முன் இதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடு. திருப்பாதிரிப்புலியூர் கடை அக்காவுக்கும் இதையே அனுப்பியிருக்கிறேன்.

வீடியோ மொத்தம் 27 நொடி, நிமிர்ந்த 9:16. எந்தத் தொடக்கம் வாட்ஸ்அப் மெசேஜை மலிவாகக் கொண்டுவருகிறது என்று பார்க்க, முதல் 3 நொடி மட்டும்தான் மாறும். 30 ஃப்ரேமில் எடுத்திருக்கிறோம், ஆக 90 ஃப்ரேம். 91-வது ஃப்ரேமிலிருந்து ஐந்து ஃபைலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். இசை, எழுத்து, கலர் எதையும் தொடாதே. அங்கே ஒன்று மாறினாலும் ஒரு மெசேஜுக்கான செலவு எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாது.

PM_H0_vanakkam
போன மாதம் ஓடிய அதே தொடக்கம். கல்லாவில் அக்கா கைகூப்புகிறார்.
குரல்: "வணக்கம், நம்ம கடைக்கு வாங்க."
எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பழையது பக்கத்தில் ஓடினால்தான் புதியது தேறியதா என்று தெரியும்.

PM_H1_number
தராசுத் தட்டு இரண்டு, மேலிருந்து ஷாட். ஒன்றில் W240, இன்னொன்றில் W320. முதல் ஃப்ரேமிலேயே பருப்பு கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். கை உள்ளே வருவதைக் காட்டி நேரத்தை வீணாக்காதே.
குரல்: "நம்பர் குறைஞ்சா பருப்பு பெருசு!"
திரையில்: W240 பெருசா? W320 பெருசா?
அக்கா, சரிபார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதானே அந்த எண்? பார்க்கிறவர்களில் பலர் 320-ஐத்தான் உசத்தி என்று நினைத்திருப்பார்கள். அந்தக் குழப்பம்தான் இதன் தூண்டில்.

PM_H2_karai
கொட்டை உடைக்கும் சத்தம், கிட்டத்தில். அப்புறம் ஓட்டுப்பால் பட்டுக் கறுத்த விரல்கள். உடைக்கிற அம்மாவின் முகம் வேண்டாம், கை போதும். அதற்கும் அவரிடம் கேட்டுவிட்டு எடு.
குரல் இல்லை, சத்தம் மட்டும்.
திரையில்: இந்தக் கறை லேசில் போகாது.

PM_H3_ooru
ஒரு போன், அதில் வாட்ஸ்அப் குரல் செய்தி ஓடுகிறது. பின்னால் மங்கலாக பஸ் ஜன்னல்.
அம்மா குரல்: "டேய், வரும்போது முந்திரி வாங்கிட்டு வா!"
திரையில் அதே வரி.
விளம்பரம் போவது சென்னைக்கு. கடலூர், பண்ருட்டி, நெய்வேலியிலிருந்து போய்க் குடியேறியவர்கள் இந்த வரியைக் காதாலேயே கேட்டிருப்பார்கள். என் பந்தயம் இதன் மேல்தான். குரலுக்கு டப்பிங் ஆள் வேண்டாம், உன் அம்மாவையே பேசச் சொல்.

PM_H4_payasam
நெய்யில் துண்டு முந்திரி பொன்னிறமாகிறது.
குரல்: "பாயசத்துக்கு முழு முந்திரி வாங்காதீங்க."
திரையில்: துண்டு போதும்!
அக்காவுக்கு முகம் சுருங்கும், தெரியும். ஆனால் விற்கிறவரே விலை குறைந்ததைச் சொன்னால் கேட்கிறவர் நின்று கேட்பார். உடலில் துண்டும் விற்பதாகச் சொல்கிறோம், அதனால் பொய்யில்லை.

பொது உடல், 3-வது நொடி முதல்:
"பண்ருட்டிப் பக்கத்துத் தோப்புகள்ல இருந்து நேரா வாங்குறோம். உடைச்சு, தோல் எடுத்து, தரம் பிரிச்சு, அரை கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டா போடுறோம். முழுசும் இருக்கு, பாதியும் இருக்கு, துண்டும் இருக்கு. வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போடுங்க, இன்னிக்கு விலை சொல்றோம். பார்சல் வீட்டுக்கே வரும்."
முதல் வாக்கியத்தில் "அதனால", "ஆமா" எதுவும் வராததைக் கவனி. ஐந்து தொடக்கத்தோடும் அது ஒட்ட வேண்டும். எழுத்துகளை நடுவிலேயே வை, கீழ் மூன்றில் ஒரு பங்கில் பெயரும் பட்டனும் மறைத்துவிடும். சத்தமில்லாமல் பார்க்கிறவர்களுக்கும் புரிய வேண்டும்.

ஓட்டுவது: மெட்டாவின் Ads Manager-இல் A/B test, ஐந்து பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு ₹250, நான்கு நாள். மொத்தம் ₹5,000, வரி தனி. ஐந்தையும் ஒரே தொகுப்பில் போட்டால் ஏதோ ஒன்றுக்கே பணத்தைத் தள்ளிவிடும், மற்றவை ஓடவே ஓடாது.

பலன் என்று எண்ணுவது வாட்ஸ்அப்பில் தொடங்கிய உரையாடல். ₹1,000 செலவில் 20 பேர் பேசினால் ஒன்றுக்கு ₹50. முதல் நாள் கணக்கைப் பார்த்து எதையும் நிறுத்தக் கூடாது. பத்துப் பேர்கூட வராத பதிப்பை வைத்து ஜெயித்தது தோற்றது பேசவும் கூடாது. மூன்று நொடி பார்த்தவர் எண்ணிக்கையையும் குறித்துக்கொள். கறை ஷாட்டை நிறையப் பேர் பார்ப்பார்கள், மெசேஜ் வருமா என்பது வேறு கதை.

அக்கா கேட்ட "பாதி விலை முந்திரி" தொடக்கத்தை எடுத்துவிட்டேன். மெசேஜ் மலிவாகக் கொட்டும், விலை சொன்னதும் ஆள் காணாமல் போய்விடுவார். அக்கா, ஒவ்வொரு பதிப்பிலும் முன்நிரப்பிய மெசேஜ் வேறு: "240 விலை என்ன?", "ஊர் முந்திரி வேணும்" என்று வரும். ஆர்டர் ஆனவற்றை நோட்டில் அந்த வரியோடு எழுதி வையுங்கள்.

தம்பி, ஐந்து ஃபைலும் வியாழன் சாயங்காலத்துக்குள். பஸ் ஷாட்டை வெயில் ஏறும் முன் எடுத்துவிடு.