மாரியம்மன் கோயில் சித்திரைப் பொங்கல்: நோட்டீஸ் சுருக்கம்

எல்லாருக்கும் வணக்கம். கமிட்டி நோட்டீஸ் 4 பக்கம் இருக்கு, அவசியமானது மட்டும் இங்கே. முழுசும் கோயில் போர்டில் ஒட்டியாச்சு.

மே 5 செவ்வாய் இரவு 8: காப்புக் கட்டு. கட்டினவங்க திருவிழா முடியும் வரை ராத்தங்க வெளியூர் போகக்கூடாது.
மே 12 செவ்வாய்: காலை 7 பால்குடம், மாலை 5 பொங்கல்
மே 13 புதன்: பகல் 12 அன்னதானம், மாலை 4 முளைப்பாரி
மே 14 வியாழன்: மஞ்சள் நீராட்டு

*வரி*: தலைக்கட்டுக்கு ₹2,000. தனியா இருக்கிற அம்மாக்களுக்குப் பாதி. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் தனித் தலைக்கட்டு. வருஷா வருஷம் இதில்தான் பேச்சு வளருது, அதனால இப்பவே சொல்லிடறோம். கடைசி நாள் ஏப்ரல் 26 ஞாயிறு. ஜிபேயில் போடறவங்க அப்பா பேரும் தெருவும் கட்டாயம் எழுதுங்க, இல்லைன்னா யார் கணக்கில் வைக்கிறதுன்னு தெரியாது. ரசீது கேட்டு வாங்குங்க.

*வேலை*
மேலத்தெரு: பந்தல், வாழைமரம், மே 4க்குள்.
கீழத்தெரு: தண்ணீர், மோர்ப்பந்தல்.
நடுத்தெரு: அன்னதானம். 1,000 பேருக்கு அரிசி 125 கிலோ. காய் நறுக்க மே 12 இரவு 9க்கு அரிவாள்மனையோடு வாங்க.
இளைஞர்கள்: பால்குடத்துக்குக் கயிறு பிடிக்க 20 பேர்.

முளைப்பாரி போடறவங்க மே 4 இரவே பயறை ஊறவைங்க. தண்ணீர் தெளிச்சா போதும். ஊத்தினா அடியில் தேங்கி வேர் அழுகிடும். ஓட்டில் கட்டாயம் துளை இருக்கணும்.

மைக் செட் இரவு 10க்கு நிறுத்தப்படும்.

தேதி, வரியில் சந்தேகம்னா பொருளாளருக்குத் தனியா போன் பண்ணுங்க.