விளக்கம் கோரும் அறிவிப்பு: அனுமதியின்றி அடிக்கடி பணிக்கு வராமை

ந.க. எண்: 38/பணியாளர்/2024
நாள்: 27.11.2024
(நேரிலும், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும்)

அனுப்புநர்: பணியாளர் மேலாளர், காயர் பித் பிளாக் ஆலை, கோபாலபுரம் சாலை, பொள்ளாச்சி.

பெறுநர்: திரு. ம. ஆறுச்சாமி, டோக்கன் எண் 147, பிரஸ் ஆபரேட்டர், முதல் ஷிப்ட். வீட்டு முகவரி: கொழிஞ்சாம்பாறை அஞ்சல், சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம், கேரளா.

பார்வை: 1. தங்களுக்குத் தரப்பட்ட எழுத்து மூல எச்சரிக்கை, நாள் 23.10.2024. 2. முதல் ஷிப்ட் சூப்பர்வைசரின் அறிக்கை, நாள் 26.11.2024.

தாங்கள் நவம்பர் 1, 2, 4, 18, 19, 25 ஆகிய 6 நாட்கள் லீவு கேட்காமலும் தகவல் சொல்லாமலும் பணிக்கு வரவில்லை. கைரேகைப் பதிவிலும் மஸ்டர் ரோலிலும் அந்நாட்களில் தங்கள் வருகை இல்லை. தீபாவளிக்கு ஆலை விடுமுறை அக்டோபர் 31 மட்டுமே. நவம்பர் 1 அரசு அலுவலகங்களுக்கு விடப்பட்ட விடுமுறை. ஆலையில் அன்று வேலை உண்டு என்பது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது.

இதற்கு முன் செப்டம்பர் 16, 17, 18 தேதிகளிலும் அக்டோபர் 7, 14, 21, 22 தேதிகளிலும் இதேபோல் வரவில்லை. ஓணத்துக்காக செப்டம்பர் 14 அன்று தாங்கள் கேட்ட லீவு தரப்பட்டது. அதற்குப் பிறகான 3 நாட்களுக்கு விண்ணப்பம் இல்லை. இந்த 7 நாட்களுக்காக 23.10.2024 அன்று எச்சரிக்கப்பட்டு, கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டீர்கள். அவற்றுக்கு மறுபடியும் தண்டனை தரும் நோக்கம் இல்லை. வராமை தங்களுக்கு வழக்கமாகிவிட்டது என்பதைக் காட்டவே இங்கே குறிப்பிடப்படுகின்றன. மொத்தம் 13 நாட்களில் 7 திங்கட்கிழமை என்பதையும் கவனிக்கவும். ஞாயிறு வார விடுமுறையோடு சேர்த்துப் பார்த்தால் இது தற்செயலாகத் தெரியவில்லை.

நவம்பர் 18 அன்று சக தொழிலாளியின் போனுக்கு வாட்ஸ்அப்பில் "பஸ் போயிருச்சு" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியதாகத் தெரிகிறது. அது லீவு விண்ணப்பம் ஆகாது. திடீர் அவசரம் என்றால் ஷிப்ட் தொடங்கும் காலை 6 மணிக்கு முன் சூப்பர்வைசருக்கே போன் செய்ய வேண்டும். திரும்பி வரும் நாளில் விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். எல்லை தாண்டி வருவோருக்குக் காலை பஸ் சிக்கல் இருப்பதை நிர்வாகம் அறியும். அதற்காகத்தான் 8.30 மணி ஜெனரல் ஷிப்டுக்கு மாற எழுதிக் கேட்கலாம் என்று அக்டோபர் 8 அன்று சூப்பர்வைசர் தங்களிடம் சொன்னார். இன்றுவரை தாங்கள் கேட்கவில்லை.

நவம்பர் 18, 19 இரண்டு நாளும் 3ஆம் எண் பிரஸ் ஓடவில்லை. களத்தில் காய்ந்து குவித்திருந்த பித் 5 கிலோ பிளாக்காக அழுத்தப்படாமல் கிடந்து மழைக் காற்றில் மீண்டும் ஈரம் ஏறியது. ஈரம் ஏறிய பித்தை அழுத்தினால் பிளாக் உதிரும், பூஞ்சை பிடிக்கும். எனவே அதை 20ஆம் தேதி மறுபடி களத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டியதாயிற்று.

தங்கள் செயல் ஆலையின் நிலையாணைகளின்படி "அனுமதியின்றி வழக்கமாகப் பணிக்கு வராமை" என்னும் ஒழுங்கீனம் ஆகும். வராத நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பது தண்டனை அல்ல. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான். ஆகவே சம்பளம் பிடித்தாகிவிட்டது என்பது விளக்கமாக ஏற்கப்படாது.

தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை 04.12.2024 புதன்கிழமை மாலை 5 மணிக்குள் எழுத்து மூலம் தர வேண்டும். 6 நாட்களுக்கும் தனித்தனியே காரணம் எழுதவும். "வீட்டில் பிரச்சினை" என்று பொதுவாக எழுதினால் பயன்படாது. தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம். உடல்நலக் குறைவு காரணமென்றால் ஈஎஸ்ஐ மருத்துவர் தந்த சான்றை இணைக்கவும். அது கேரளாவில் உள்ள ஈஎஸ்ஐ மருந்தகச் சான்றானாலும் ஏற்கப்படும். அந்நாட்கள் குற்றச்சாட்டிலிருந்து நீக்கப்படும். நோய்க்காலப் பலன் பெறும் காலத்தில் தொழிலாளியைத் தண்டிக்க ஈஎஸ்ஐ சட்டத்தின் 73ஆம் பிரிவும் இடம் தராது. மருந்துக்கடை ரசீது சான்றாகாது. கூடுதல் அவகாசம் தேவையென்றால் கெடு முடியும் முன்பே எழுதிக் கேட்கவும்.

கெடுவுக்குள் விளக்கம் வராவிட்டால், தங்களிடம் சொல்ல எதுவும் இல்லை எனக் கொண்டு அடுத்த கட்டமாக உள்விசாரணைக்கு உத்தரவிடப்படும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டாலும் அப்படியே. விசாரணை நடந்தால் சக தொழிலாளி ஒருவரைத் துணைக்கு அழைத்துவரலாம். இந்த அறிவிப்பு தண்டனை உத்தரவு அல்ல. தாங்கள் வழக்கம்போல் பணிக்கு வர வேண்டும். அறிவிப்பை வாங்க மறுத்தால் இரு சாட்சிகள் முன்னிலையில் அதைப் பதிவுசெய்து, தபாலில் சென்ற பிரதியே சேர்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

(ஒப்பம்)
பணியாளர் மேலாளர்

நகல்: ஆலை மேலாளர், முதல் ஷிப்ட் சூப்பர்வைசர், டோக்கன் எண் 147 பணிக்கோப்பு.